மார்ச் 4 ஆகிப்போன ஏப்ரல் 3: விரிதாளில் கலந்து கிடக்கும் திகதிகளைச் சரிசெய்வது எப்படி?

கந்தப்பளைப் பக்கத்தில் ஒரு மரக்கறிச் சேகரிப்பு நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விவசாயிகள் கொண்டுவரும் லீக்ஸ், கரட், கோவா எல்லாம் நிறுக்கப்பட்டு, பில் எழுதப்பட்டு, லொறியில் ஏறுகின்றன. பில் புத்தகத்தில் உள்ளதை மூன்று பேர் எக்செல் விரிதாளில் பதிகிறார்கள். அலுவலகக் கணினியில் இருப்பவர் `03/04/2024` என்றும், சில நேரம் `5.4.24` என்றும் அடிக்கிறார். வீட்டில் இருந்து பதிபவர் `8 ஏப்ரல் 2024` என்று தமிழில் எழுதுகிறார். மூன்றாமவர் போனில் `2024-04-06` என்று போடுகிறார். மாதக் கடைசியில் மூன்றையும் ஒரே கோப்பில் ஒட்டி, திகதி நிரலை வரிசைப்படுத்தினால் எதுவும் ஒழுங்காக வருவதில்லை. ஏப்ரல் 13 கீழே போய்க் கிடக்கிறது. ஏப்ரல் 3 மார்ச் மாதத்துக்குள் நுழைந்துவிடுகிறது. வந்தே இராத டிசம்பர் மாதத்தில் ஒரு பில் நிற்கிறது.

இதைப் பார்த்ததும் பெரும்பாலானோர் செய்வது, முழு நிரலையும் தெரிவுசெய்து Format Cells-க்குப் போய் Date என்று மாற்றுவதுதான். அதனால் எதுவும் சரியாகாது. ஏன் என்று விளங்கிக்கொண்டால் மற்ற எல்லா வேலையும் எளிதாகிவிடும்.

எக்செலுக்குத் திகதி என்பது ஓர் எண். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கில் 2024 மார்ச் 4 என்பது 45355, 2024 ஏப்ரல் 3 என்பது 45385. திரையில் நாம் காணும் சாய்கோடுகளும் மாதப் பெயரும் அந்த எண்ணுக்குப் போட்ட சட்டை மட்டுமே. Format Cells சட்டையை மாற்றும், உள்ளிருக்கும் எண்ணைத் தொடாது. (1900-இல் இல்லாத பெப்ரவரி 29-ஐயும் எக்செல் ஒரு நாளாக எண்ணுகிறது. பழைய லோட்டஸ் 1-2-3 மென்பொருளின் கணக்கோடு ஒத்துப்போவதற்காக அப்படியே வைத்திருக்கிறார்கள். இன்றைய பதிவுகளுக்கு அதனால் எந்தக் கெடுதியும் இல்லை.)

ஆனால் `13/04/2024` என்று அடித்ததை எக்செல் திகதியாக ஏற்காவிட்டால், அந்தக் கலத்தில் எண்ணே கிடையாது. பத்து எழுத்துகள் மட்டுமே இருக்கின்றன. எழுத்துகளை வரிசைப்படுத்தும்போது அது அகராதியைப் போல இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடும். அதனால்தான் எழுத்தாக உள்ள `01/12/2023`, `02/01/2023`-க்கு முன்னால் வந்து நிற்கிறது. நாளின் முதல் இலக்கம் முதலில் பார்க்கப்படுகிறது, வருடம் கடைசியில்தான் பார்க்கப்படுகிறது. அதோடு ஏறுவரிசையில் எக்செல் எண்கள் எல்லாவற்றையும் முதலில் வைத்து, எழுத்துகளை அவற்றுக்குக் கீழே வைக்கும். இரண்டும் கலந்த நிரல் மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம் என்று பிரிந்துபோவது இதனால்தான்.

எந்தக் கலத்தில் எண், எந்தக் கலத்தில் எழுத்து என்று பார்க்க ஒரு வழி உண்டு. நிரலின் நகல் ஒன்றை எடுத்து அதன் வடிவத்தை General ஆக்குங்கள். உண்மைத் திகதிகள் 45 ஆயிரத்துச் சொச்ச எண்களாக மாறிவிடும். எழுத்துகள் அப்படியே இருக்கும். இடப்பக்கம் ஒட்டியிருந்தால் எழுத்து, வலப்பக்கம் ஒட்டியிருந்தால் எண் என்பதும் பொதுவாகச் சரிதான். ஆனால் யாராவது நிரலை நடுவில் நிறுத்தியிருந்தால் அந்த அடையாளம் போய்விடும். அதை நம்பி இருக்கவேண்டாம்.

சத்தமில்லாமல் மாறும் திகதிகள்

எழுத்தாக நிற்கும் திகதிகள் தொல்லை தருபவைதான், ஆனால் அவை கண்ணுக்குத் தெரியும். பெரிய ஆபத்து எண்ணாக மாறியவற்றில் இருக்கிறது.

புதிதாக வாங்கிய கணினிகள் பலவற்றில் விண்டோஸின் பிராந்திய அமைப்பு English (United States) என்றே இருக்கும். அந்த அமைப்பில் எக்செல் `03/04/2024` என்பதை மாதம், நாள், வருடம் என்ற ஒழுங்கில் வாசிக்கும். நாம் ஏப்ரல் 3 என்று நினைத்து அடித்ததை அது மார்ச் 4 என்று எடுத்து, 45355 என்று சேமித்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. அதே ஆள் அடுத்து `13/04/2024` என்று அடித்தால், 13-ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் எக்செல் அதைத் திகதியாக ஏற்காமல் எழுத்தாகவே விட்டுவிடும்.

இதன் விளைவை நின்று கவனிக்க வேண்டும். ஒழுங்காகத் திகதியாகி வலப்பக்கம் நிற்பவை எல்லாம் பிழை. திகதியாகாமல் இடப்பக்கம் ஒட்டிக்கிடப்பவை எல்லாம் சரி. "எழுத்தாக உள்ளதை மட்டும் திருத்தினால் போதும், மற்றதெல்லாம் ஏற்கெனவே திகதிதானே" என்று தொடங்குபவர், கெட்டதை விட்டுவிட்டு நல்லதில் மட்டும் கை வைக்கிறார்.

இந்த மாற்றத்துக்கு ஒரு தெளிவான தடயம் உண்டு. ஏப்ரல் மாதப் பில்களை மட்டும் பதிந்த ஒரு கோப்பில் `01/04/2024` ஜனவரி 4 ஆகியிருக்கும். `02/04/2024` பெப்ரவரி 4 ஆகியிருக்கும். இப்படியே `12/04/2024` வரை போய் டிசம்பர் 4-இல் முடியும். மாதவாரியாகச் சுருக்கிப் பார்த்தால் பன்னிரண்டு மாதங்களிலும் பில் இருக்கும், எல்லாம் 4-ஆம் திகதியில்தான் இருக்கும். ஏப்ரல் 4 மட்டும் தப்பிக்கும், ஏனென்றால் அதில் நாளும் மாதமும் ஒரே எண்.

பல மாதங்கள் கலந்த கோப்பில் இது இவ்வளவு பளிச்சென்று தெரியாது. அங்கே பார்க்க வேண்டியது நாள் எண்ணை. எண்ணாக உள்ள திகதிகளில் 12-க்கு மேற்பட்ட நாள் ஒன்றுகூட இல்லை, எழுத்தாக உள்ளவை 13, 14, 27 என்று தொடங்குகின்றன என்றால், அந்தப் பகுதி அமெரிக்க ஒழுங்கில் வாசிக்கப்பட்டது என்று முடிவுசெய்யலாம். நூறு பில்களில் ஒன்றுகூட மாதத்தின் பிற்பகுதியில் விழாமல் போவது இயல்பாக நடக்காது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிழையைக் கண்டதும் விண்டோஸின் பிராந்தியத்தை English (United Kingdom) என்று மாற்றினால் பழைய திகதிகள் திருந்தும் என்று நினைப்பது உண்டு. திருந்தாது. 45355 என்பது 45355 ஆகவே இருக்கும். மாறுவது திரையில் தெரியும் தோற்றம்தான். முன்பு `3/4/2024` என்று காட்டியதை இப்போது `04/03/2024` என்று காட்டும். பில் புத்தகத்தில் 03/04 என்று இருக்க, திரையில் 04/03 என்று இருப்பதைப் பார்ப்பவர் பதிந்தவர்தான் மாற்றி அடித்துவிட்டார் என்று நினைப்பார். பதிந்தவர் பில்லில் இருந்ததைத்தான் அடித்தார். புதிய அமைப்பு இனிமேல் அடிக்கப்போகும் திகதிகளுக்கு மட்டுமே உதவும்.

தொடங்கும் முன்

கோப்பின் நகல் ஒன்றைத் தனியாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மூலத் திகதி உள்ள நிரலில் எதையும் மாற்ற வேண்டாம், அதன் வடிவத்தையும் மாற்ற வேண்டாம். `9 Apr 2024` என்று அடித்தது பெரும்பாலும் `9-Apr-24` என்ற தோற்றத்தில் நிற்கும், `03/04/2024` என்று அடித்தது சாய்கோட்டோடு நிற்கும். மாதப் பெயர் எழுதியதை எக்செல் தவறாக வாசிக்க வழியில்லை. ஆகவே அந்தத் தோற்றமே எது பாதுகாப்பான திகதி என்பதற்கு ஒரு சாட்சி. முழு நிரலுக்கும் ஒரே வடிவத்தைக் கொடுத்த கணத்தில் அந்தச் சாட்சி அழிந்துவிடும்.

பிறகு இரண்டு நிரல்களைச் சேர்க்க வேண்டும். ஒன்றில் 1, 2, 3 என்று வரிசை எண். எத்தனை முறை வரிசைப்படுத்திக் குழப்பினாலும் பதிந்த ஒழுங்குக்குத் திரும்பிவர இது உதவும். மற்றதில் அந்த நிரையை யார் பதிந்தார் என்ற குறிப்பு: அலுவலகம், வீடு, போன். மூன்று கோப்புகளையும் ஒட்டும் முன்பே இதைப் போட்டுவிடுவது நல்லது. இதன் அவசியம் பலருக்கு முதலில் விளங்குவதில்லை. போனில் `2024-04-06` என்று அடித்தது எந்தப் பிராந்திய அமைப்பிலும் ஏப்ரல் 6 என்றே வாசிக்கப்படும், ஆகவே அது சரியான திகதி. அலுவலகத்தில் `04/06/2024` என்று, அதாவது ஜூன் 4 என்று நினைத்து அடித்ததும் அமெரிக்க அமைப்பில் ஏப்ரல் 6 ஆகவே சேமிக்கப்பட்டிருக்கும். இரண்டு கலங்களிலும் 45388 என்ற அதே எண் இருக்கும். ஒன்று சரி, ஒன்று பிழை. எண்ணைப் பார்த்து இவற்றைப் பிரிக்க எந்தச் சூத்திரத்தாலும் முடியாது. யார் பதிந்தார் என்ற குறிப்பு ஒன்றுதான் பிரிக்கும்.

இனிவரும் சூத்திரங்களில் A வரிசை எண், B பில் நம்பர், C மூலத் திகதி, D பதிந்தவர். E முதல் நாம் சேர்ப்பவை. முதலாவது நிரை தலைப்பு.

E2-இல் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(ISNUMBER(C2),DAY(C2),"text")
```

எண்ணாக உள்ளவற்றின் நாள் வரும், எழுத்தாக உள்ளவற்றுக்கு text என்று வரும். இப்போது D நிரலில் அலுவலகம் என்பதை மட்டும் வடிகட்டி, E நிரலின் Filter அம்புக்குறியைத் திறந்து பாருங்கள். பட்டியலில் 1 முதல் 12 வரையான எண்களும் text-உம் மட்டும் இருந்தால், மேலே சொன்ன நாள்-மாதப் புரட்டல் நடந்திருக்கிறது. போன் பதிவுகளில் 13, 21, 30 எல்லாம் இருந்தால் அவை நலமாக இருக்கின்றன.

ஒரே ஆளின் பதிவுகளிலேயே பாதி வரை 12-க்குள் இருந்து, அதற்குப் பிறகு 20, 25 என்று எண்கள் வருவதும் உண்டு. நடுவில் யாரோ பிராந்திய அமைப்பை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். வரிசை எண்ணைப் பார்த்து எந்த நிரையில் மாறியது என்று கண்டுபிடித்து, அதற்கு முன்னுள்ளவற்றை மட்டும் புரட்டப்பட்டவையாகக் கொள்ளுங்கள்.

புரண்ட எண்களைத் திருப்புவது

இறுதித் திகதிக்கு J நிரலை வைத்துக்கொள்வோம். அலுவலகப் பதிவுகளில் சாய்கோட்டோடு எண்ணாக உள்ள நிரைகளுக்கு, நாளையும் மாதத்தையும் இடம் மாற்றினால் போதும்:

```
=DATE(YEAR(C2),DAY(C2),MONTH(C2))
```

DATE சார்பு வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் கேட்கும். மாதம் கேட்கும் இடத்தில் நாம் நாளைக் கொடுக்கிறோம். 45355 உள்ளே போனால் 45385 வெளியே வரும், மார்ச் 4 ஏப்ரல் 3 ஆகும். இதே சூத்திரத்தைப் போன் பதிவுகளுக்கும் போட்டுவிட்டால் நல்ல ஏப்ரல் 6 ஜூன் 4 ஆகிவிடும். அவற்றுக்கு J-இல் `=C2` என்று மட்டும் போட வேண்டும். மாதப் பெயரோடு `9-Apr-24` என்று நிற்பவற்றுக்கும் அதே `=C2` தான். D நிரலை வடிகட்டி, ஒவ்வொரு கூட்டமாக உரிய சூத்திரத்தை இடுவது மெதுவான வேலைபோலத் தோன்றினாலும் அதுவே பிழையில்லாத வழி.

எழுத்தாக நிற்பவற்றைப் பிரிப்பது

இனி text என்று வந்தவை. `13/04/2024`, `5.4.24`, `8 ஏப்ரல் 2024` என்று பல தோற்றங்கள் இருந்தாலும் ஒவ்வொன்றிலும் இருப்பது மூன்று துண்டுகள். இடையில் உள்ள குறியைத்தான் ஒன்றாக்க வேண்டும். F2-இல்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(
TRIM(SUBSTITUTE(C2,CHAR(160)," ")),
",",""),".","/"),"-","/")," ","/")
```

பார்க்கப் பெரிதாக இருந்தாலும் செய்வது சிறிய வேலை. காற்புள்ளியை நீக்குகிறது. புள்ளி, கோடு, இடைவெளி மூன்றையும் சாய்கோடாக மாற்றுகிறது. `8 ஏப்ரல் 2024` என்பது `8/ஏப்ரல்/2024` ஆகும். CHAR(160) என்பது இணையப் பக்கங்களிலிருந்தும் மின்னஞ்சல்களிலிருந்தும் ஒட்டும்போது வரும் ஒருவகை இடைவெளி. கண்ணுக்குச் சாதாரண இடைவெளி போலவே இருக்கும், ஆனால் TRIM அதைத் தொடாது. பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தும் ஒரு நிரை மட்டும் பிழை காட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்து F-இல் உள்ளவற்றை நகலெடுத்து, அதே இடத்தில் Paste Special, Values என்று ஒட்டுங்கள். சூத்திரத்தின் மேல் Text to Columns வேலை செய்யாது, அதனால்தான் இந்தப் படி. பிறகு Data, Text to Columns, Delimited என்று போய், Other பெட்டியில் `/` இடுங்கள். Treat consecutive delimiters as one என்பதையும் தெரிவுசெய்யுங்கள். யாராவது `13 / 04 / 2024` என்று இடைவெளி விட்டு எழுதியிருந்தால் மூன்று சாய்கோடுகள் அடுத்தடுத்து வந்திருக்கும், அது அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்ளும். கடைசிப் படியில் Destination-இல் `G2` என்று மாற்றினால் F அழியாமல், துண்டுகள் G, H, I நிரல்களில் விழும். வடிகட்டிய நிலையில் இதைச் செய்ய வேண்டாம், வடிகட்டலை நீக்கிவிட்டு முழு நிரலுக்கும் செய்யுங்கள். எண்ணாக இருந்த நிரைகளிலும் ஏதோ ஒன்று G-இல் விழும், அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அந்த நிரைகளின் J-க்கு G, H, I தேவைப்படாது.

கூகுள் ஷீட்ஸில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் படி இன்னும் எளிது. F-இல் சூத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு G2-இல் `=SPLIT(F2,"/")` என்று போட்டால் மூன்று துண்டும் தாமாக விழுந்துவிடும்.

மாதப் பெயர்கள்

G-இல் நாள், H-இல் மாதம், I-இல் வருடம். H-இல் சில இடங்களில் 4 இருக்கும், சில இடங்களில் ஏப்ரல் இருக்கும். பெயரை எண்ணாக்க `months` என்று இன்னொரு பணித்தாள் தொடங்கி, முதலாவது நிரையைத் தலைப்புக்கு விட்டு, A நிரலில் பெயர், B நிரலில் மாத எண் என்று ஒரு பட்டியல் வையுங்கள். பன்னிரண்டு பெயர் போதாது. பெப்ரவரியும் பிப்ரவரியும் 2. ஓகஸ்ட், ஆகஸ்ட் இரண்டும் 8. ஒக்டோபர், அக்டோபர் இரண்டும் 10. ஜூன் என்று எழுதுபவரும் உண்டு, யூன் என்று எழுதுபவரும் உண்டு. கோப்பில் உண்மையில் எந்தெந்த எழுத்துருவம் வந்திருக்கிறது என்று H நிரலின் Filter பட்டியலைத் திறந்து பார்த்து, உள்ளதை உள்ளபடி பட்டியலில் சேர்ப்பதே சரி.

அங்கே `Vg;uy;` என்பது போன்ற ஒன்றைக் கண்டால் திகைக்க வேண்டாம். பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட ஏப்ரல் அது. எழுத்துரு மாறியதும் உள்ளிருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளியே தெரிகின்றன. அதையும் அப்படியே நகலெடுத்துப் பட்டியலில் ஒட்டி, பக்கத்தில் 4 என்று போடுங்கள்.

ஒக்டோபர் என்ற சொல் பட்டியலில் இருக்கிறது, கலத்திலும் இருக்கிறது, ஆனாலும் பொருந்தவில்லை என்ற நிலையும் வரும். யூனிகோட்டில் "டோ" என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, எக்செலுக்கு வேறு வேறு. `=LEN(H2)` போட்டுப் பாருங்கள். ஒன்று 8 என்றும் மற்றது 9 என்றும் சொன்னால் சங்கதி இதுதான். பொருந்தாத அந்த வடிவத்தையும் நகலெடுத்துப் பட்டியலில் இன்னொரு நிரையாகச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. கையால் திரும்பத் தட்டச்சிட்டால் பழைய வடிவமே மீண்டும் வரும், ஆகவே நகலெடுத்தே ஒட்ட வேண்டும்.

தை, மாசி, சித்திரை என்று எழுதியிருந்தால் பட்டியலில் சேர்க்கும் முன் எழுதியவரிடம் கேட்க வேண்டும். ஜனவரியைத் தை என்றும் ஏப்ரலைச் சித்திரை என்றும் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. பஞ்சாங்கச் சித்திரை ஏப்ரல் நடுவில்தான் பிறக்கிறது. "சித்திரை 5" என்பது ஏப்ரல் 5-ஆ, ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் வரும் ஒரு நாளா என்பது எழுதியவருக்குத்தான் தெரியும்.

சேர்ப்பதும் சோதிப்பதும்

எழுத்தாக இருந்த நிரைகளுக்கு J-இல் இந்தச் சூத்திரம்:

```
=DATE(I2+IF(I2<100,2000,0),
IF(ISNUMBER(H2),H2,VLOOKUP(H2,months!$A$2:$B$40,2,FALSE)),
G2)
```

வருடத்தோடு 2000-ஐக் கூட்டும் பகுதியை விட்டுவிடாதீர்கள். எக்செலில் `DATE(24,4,5)` என்றால் 1924 ஏப்ரல் 5 வரும், ஏனென்றால் 1900-க்குக் குறைந்த வருடத்தோடு அது 1900-ஐக் கூட்டிக்கொள்கிறது. பிழைச்செய்தி வராது, நூறு வருடத்துக்கு முந்திய ஒரு கோவா பில் பட்டியலின் உச்சியில் போய் அமர்ந்துகொள்ளும். பிறந்த திகதிகள் உள்ள பட்டியலானால் 2000-ஐக் கண்ணை மூடிக்கொண்டு கூட்ட முடியாது, 58 என்பது 1958-ஆகத்தான் இருக்கும். பில்களில் அந்தச் சிக்கல் இல்லை.

DATE சார்பு இல்லாத திகதியையும் மறுப்பதில்லை. ஏப்ரல் 31 என்று கொடுத்தால் மே 1 என்று திருப்பித் தரும். 13-ஆம் மாதம் என்றால் அடுத்த வருட ஜனவரிக்குப் போய்விடும். தவறுதலாக அடித்த ஒரு பில் இப்படி நல்ல திகதிபோல வேடமிட்டு உள்ளே கலந்துவிடக்கூடும். அதைப் பிடிக்க, எழுத்தாக இருந்த நிரைகளுக்கு மட்டும் K நிரலில், வெளியே வந்த திகதியை உள்ளே போன துண்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்:

```
=AND(DAY(J2)=G2,YEAR(J2)=I2+IF(I2<100,2000,0))
```

FALSE என்று வரும் நிரைகள் மட்டுமே கண்ணால் பார்க்க வேண்டியவை. நாள் அளவுக்கு மீறியிருந்தால் DAY பொருந்தாது, மாதம் மீறியிருந்தால் YEAR பொருந்தாது. எழுத்தாக வந்த `2024-04-06` கூட இங்கே மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் அதில் G-இல் 2024 இருக்கும். அந்த நிரைகளுக்கு J-இல் `=DATE(G2,H2,I2)` என்று மாற்றுங்கள். K அதன்பிறகும் FALSE என்றே காட்டும், ஆகவே அவற்றைக் கண்ணால் சரிபார்த்து ஒரு நிறம் பூசிவிடுங்கள். `#N/A` வந்தால் மாதப் பெயர் பட்டியலில் இல்லை என்று பொருள்.

இந்தச் சோதனை இல்லாத திகதியைக் காட்டும், இருக்கும் திகதி சரியா என்று சொல்லாது. அதற்குப் பில் நம்பரைப்போல நல்ல சாட்சி வேறில்லை. பில் புத்தகம் ஒழுங்காகக் கிழிக்கப்படுவதால் திகதி ஏற நம்பரும் ஏற வேண்டும். 1187-ஆம் பில் மார்ச் 30, 1189-ஆம் பில் ஏப்ரல் 5 என்றால், இடையிலுள்ள 1188-இல் `03/04/2024` என்று இருப்பது ஏப்ரல் 3 ஆகத்தான் இருக்க முடியும், மார்ச் 4 அந்த இடைவெளிக்குள் வராது. முழு அட்டவணையையும் தெரிவுசெய்து, J-ஐக் கொண்டு வரிசைப்படுத்தி, ஒரே நாளில் உள்ளவற்றை B-ஐக் கொண்டு வரிசைப்படுத்திய பிறகு, L3-இல் `=B3>B2` என்று போட்டு இழுங்கள். FALSE வரும் இடத்துக்கு மேலும் கீழும் இரண்டு மூன்று நிரைகளைப் பார்த்தால் இடம் மாறி நிற்கும் பில் தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு பில் புத்தகங்கள் பாவனையில் இருந்தால், ஒவ்வொரு புத்தகத்தின் நிரைகளையும் தனித்தனிப் பணித்தாளில் Values ஆக ஒட்டி இதைச் செய்ய வேண்டும்.

பில் நம்பர் இல்லாத பதிவுகளுக்குக் கிழமை ஓரளவு கைகொடுக்கும். ஞாயிறு லொறி போகாத இடமானால் `=WEEKDAY(J2)` என்று போட்டுப் பாருங்கள், ஞாயிறுக்கு 1 வரும். `07/04/2024` என்பதை ஏப்ரல் 7 என்று எடுத்தால் அது ஞாயிறு, ஜூலை 4 என்று எடுத்தால் வியாழன். ஓரிரு ஞாயிறு வருவது அடித்தவரின் கைத்தவறாக இருக்கலாம். ஒருவரின் பதிவுகளில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு ஞாயிறு விழுந்தால், அவருடைய நாள்-மாத ஒழுங்கை நாம் தவறாக எடுத்திருக்கிறோம்.

எந்தச் சாட்சியும் இல்லாமல் ஒருசில நிரைகள் மிஞ்சும். அவற்றின் J கலத்தை வெறுமையாக விட்டு, பக்கத்தில் "பில் பார்க்கவும்" என்று குறித்துவையுங்கள். வெறுமையான கலங்களை எக்செல் வரிசையின் கடைசியில் தள்ளிவிடும், ஆகவே அவை எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும். ஊகித்துப் போட்ட திகதியோ மற்றவற்றோடு கலந்துவிடும், பிறகு அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

எல்லாம் சரியென்றால் J-ஐ நகலெடுத்து Values ஆக ஒட்டி, வடிவத்தை Custom-இல் `yyyy-mm-dd` என்று வையுங்கள். வருடம் முன்னால் வருவதால், இந்தக் கோப்பை நாளை யாராவது CSV ஆகச் சேமித்து, திகதிகள் மறுபடி எழுத்தாகிப்போனாலும் வரிசை கெடாது. அகராதி ஒழுங்கும் நாட்காட்டி ஒழுங்கும் இந்த வடிவத்தில் ஒன்றுதான். அந்த CSV கோப்பைச் சொடுக்கித் திறக்காமல் Data, From Text/CSV வழியாக எடுத்து, திகதி நிரலின் வகையை Text என்று வைத்தால் எக்செல் தானாக எதையும் வாசித்து மாற்றாது. இனிப் பதியப்போகும் நிரலுக்கு Data Validation-இல் Date என்று வைத்து, தொடக்கத் திகதி, முடிவுத் திகதி இரண்டையும் அந்த மாதத்துக்குள் கட்டுப்படுத்துங்கள். அப்படிச் செய்தால் அமெரிக்க அமைப்புள்ள கணினியில் `03/04/2024` என்று அடித்த உடனேயே, அது மார்ச் மாதம் என்பதால், கலம் ஏற்க மறுத்துவிடும்.